பதினான்கு மீட்டர்

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து எதிர் வரிசையில் இஸ்திரி வண்டி நிற்கும் வேப்பமரம் வரை டேப் வைத்து அளந்தேன். பதினான்கு மீட்டர் இருந்தது. அளக்கத் தோன்றியதற்குக் காரணம் பக்கத்து வீட்டுச் சிறுவன். ஒரு சனிக்கிழமை மாலை பந்தைத் துரத்திக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருவுக்குள் ஓடிவிட்டான். அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் பிரேக்கை அழுத்தினார். பையனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கும்போது கார் நின்றது. அவன் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். அவனுடைய பாட்டிதான் வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கார் முப்பதில் வந்திருக்க வேண்டும். எப்படிச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பள்ளி முன்னால் ஒரு வேகம், குடியிருப்புத் தெருவில் ஒரு வேகம், நகரச் சாலையில் வேறு, நெடுஞ்சாலையில் வேறு என்று எண்கள் மாறுவதற்கு அடிப்படையே இந்தக் கணக்குதான். ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த எண்கள் போலீஸ்காரர் மனம்போனபடி எழுதியவையாகத் தெரியாது.

ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேரக் கவனமாக ஓட்டுபவருக்கே சுமார் ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் வண்டி துளியும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலையைத் தொடங்கும். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், முழு அழுத்தத்தில் பிரேக் என்று எல்லாமே சாதகமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். பதினான்காவது மீட்டரில் நிற்கும் பையனுக்கு ஒன்றும் ஆகாது.

அதே கார் 40-ல் வந்தால் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் 11 மீட்டர் போய்விடும். மீதம் இருப்பது 3 மீட்டர்தான். அதற்குள் வேகம் ஓரளவுக்குத்தான் குறையும். கார் ஏறக்குறைய 33 கிலோமீட்டர் வேகத்தில் பையன் மீது மோதும். வேகத்தில் பத்துதான் கூடியது, ஆனால் நின்றுபோகவேண்டிய கார் 33-ல் வந்து இடிக்கிறது. பலரும் தவறவிடும் இடம் இது.

50-ல் வந்தால் கணக்குப் போட எதுவும் மிச்சமில்லை. ஒரு நொடியில் கார் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். கால் பிரேக்கைத் தொடும்போதே மோதல் நடந்து முடிந்திருக்கும். 50-ல் வந்த கார் 50-லேயே மோதுகிறது. பிரேக் எவ்வளவு புதியதாக இருந்தாலும், ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அந்த இடத்தில் உதவாது.

மோதினால் உடம்பு என்ன ஆகும் என்பதை உயரத்தில் சொன்னால் மனதில் பதியும். 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அடிபடும், எலும்பு முறியலாம், ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். 50-ல் மோதுவது கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரத்திலிருந்து, மூன்றாம் மாடி மொட்டைமாடியிலிருந்து விழுவது போன்றது. 60 என்றால் பதினான்கு மீட்டருக்கும் மேல். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்காகும். அதனால்தான் பத்துப் பத்தாகக் கூடும் வேகம் உயரத்தில் மாடி மாடியாக ஏறுகிறது.

சாலைப் பாதுகாப்பில் உலகம் முழுக்க இன்று பேசப்படும் கொள்கை இந்த உண்மையிலிருந்து பிறந்ததுதான். 1997-ல் ஸ்வீடன் நாடாளுமன்றம் 'விஷன் ஜீரோ' என்ற கொள்கையை ஏற்றது. சாலையில் மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள். பந்தைத் துரத்தி ஓடுவார்கள், ஒரு கணம் கவனம் சிதறுவார்கள். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அப்படியென்றால் சாலையின் வேகத்தை வண்டியின் திறனை வைத்து முடிவு செய்யக் கூடாது, மனித உடம்பின் தாங்கும் சக்தியை வைத்து முடிவு செய்ய வேண்டும். அந்தச் சிந்தனையில் மூன்று எண்கள் வந்தன. நடப்பவர் மீது வண்டி மோத வாய்ப்புள்ள இடத்தில் 30. சந்திப்பில் ஒரு காரின் பக்கவாட்டில் இன்னொரு கார் இடிக்க வாய்ப்புள்ள இடத்தில் 50. நடுவே தடுப்பில்லாமல் இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதக்கூடிய சாலையில் 70. இதற்கு மேல் போக வேண்டுமென்றால், அந்த மோதலுக்கே வழியில்லாதபடி சாலையைக் கட்ட வேண்டும். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாடும், மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30-தான் உச்சம் என்று பிரகடனம் செய்தது.

ஒரு சாலையில் எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு முன் 'இங்கே யார் மீது எது மோதக்கூடும்?' என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் தெருவிலிருந்து நெடுஞ்சாலை வரை போய்ப் பார்ப்போம்.

தெருவுக்கான விடை மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் நடைமுறைப்படுத்திய வேக வரம்பில், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 என்று வைத்ததும் அதனால்தான். தெருவில் சிறுவனின் பந்து மட்டுமா இருக்கிறது? கோலம் போடக் குனிந்தவர், கீரைக்காரர், ரிவர்ஸ் எடுக்கும் ஸ்கூட்டர், நிறுத்தி வைத்த காரின் பின்னாலிருந்து வெளியே வரும் நாய் என்று எல்லாமே பதினான்கு மீட்டருக்குள் வருபவை.

தெருமுனை தாண்டினால் பள்ளிக்கூடம். அங்கும் 30, பல இடங்களில் 25 என்று பலகை இருக்கும். எண் ஒன்றுபோல இருந்தாலும் காரணம் சற்று வேறு. குழந்தைகள் குள்ளமாக இருப்பதால் நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே அவர்கள் நமக்குத் தெரிவதில்லை, இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத இன்னொன்று இருக்கிறது. வரும் வண்டியின் வேகத்தைக் குழந்தையின் கண்ணால் சரியாகக் கணிக்க முடிவதில்லை. தூரத்தில் வரும் வண்டி நம் கண்ணில் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும். எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் 'இது வேகமாக வருகிறது' என்று பெரியவர்கள் உணர்கிறோம். தொடக்கப் பள்ளி வயதில் அந்தத் திறன் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஐந்து நொடி தூரத்தில் இருக்கும் கார் மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வந்தால், அது நெருங்கி வருகிறது என்பதையே அந்தக் குழந்தைகளால் நம்பகமாக உணர முடியவில்லை.

'ரோட்டைப் பார்த்துக் கடக்கச் சொல்லிக் கொடுங்கள்' என்று பெற்றோரிடம் சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழந்தை இடமும் வலமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறது. 50-ல் வரும் காரைப் பார்த்தும் அதற்கு அது நிற்பது போலத் தெரிகிறது. குழந்தையிடம் இல்லாத திறனைக் குழந்தையிடம் கேட்க முடியாது. ஓட்டுபவர்தான் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் வேகத்துக்கு இறங்கி வர வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளிப் பகுதிகளில் 40 என்ற வரம்பு பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரையும், பிற்பகல் 2.30 முதல் 4 வரையும் மட்டும் இருக்கும். மற்ற நேரங்களில் அந்தச் சாலைக்குரிய வழக்கமான வேகம். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வரும் மூன்று மணி நேரத்தில் கண்டிப்பு காட்டினால் ஓட்டுபவர்களும் அதன் நியாயத்தை ஏற்பார்கள் என்பது அங்குள்ள யோசனை. நம் ஊரில் பள்ளிக்கூட மைதானம் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பிள்ளைகளால் நிறைந்திருக்கும். என்னைக் கேட்டால் நாள் முழுவதும் ஒரே வரம்பு இருப்பதுதான் நமக்குப் பொருந்தும்.

பலகை மட்டும் வேகத்தைக் குறைத்துவிடாது என்பதால்தான் பள்ளி முன் வேகத்தடை போடுகிறார்கள். இதிலும் ஒரு கணக்கு உண்டு. இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு வகுத்த அளவின்படி, 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும், சாலையின் நீளவாக்கில் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். ஒரு கார் ஏறக்குறைய முழுதாக அதன் மேல் நிற்கலாம். 25-ல் போனால் தாலாட்டுவது போல இறங்கும், 40-ல் போனால் தூக்கிப் போடும். நம் தெருக்களில் இருப்பதோ பெரும்பாலும் ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக எழும்பிய தார் மேடு. அதில் 5 கிலோமீட்டரில் போனாலும் முதுகு வலிக்கும். ஆம்புலன்ஸில் இருப்பவர் துடிப்பார், இரவில் வெள்ளைக் கோடு அழிந்திருந்தால் பைக்காரர் தூக்கி வீசப்படுவார். உங்கள் ஊர் வேகத்தடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு நடை நடந்து பாருங்கள். முதல் எட்டிலேயே தாண்டிவிட்டால் அது அளவுப்படி போட்டதல்ல.

பள்ளியைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை போன்ற பெரிய நகரச் சாலைக்கு வருவோம். இங்கே நடப்பவர்களுக்கு நடைபாதையும் சிக்னலும் இருக்கின்றன, அல்லது இருக்க வேண்டும். குழந்தை பந்தைத் துரத்தி வருவது அரிது. இங்கே அஞ்ச வேண்டியது சந்திப்பில் குறுக்கே வரும் வண்டியை. காரின் முன்பக்கத்தில் என்ஜின், பம்பர் என்று நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள ஒரு மீட்டருக்கு இடம் இருக்கிறது. கதவுப் பக்கத்திலோ உங்கள் விலா எலும்புக்கும் எதிர்க்காருக்கும் நடுவே ஒரு சாண் தகடுதான். பக்கவாட்டு மோதலுக்கு 50 என்ற எல்லை வந்தது இதனால்தான்.

சென்னையில் இந்த எண்ணுக்கு வர ஒரு சர்ச்சை தேவைப்பட்டது. 2023 ஜூனில் நகரின் சில இடங்களில் வேகத்தை அளந்து காட்டும் ரேடார் கருவிகள் வந்தன. பகலில் 40, இரவில் 50 என்ற வரம்பைத் தாண்டினால் அபராதம் என்ற செய்தி பரவியது. அகலமான சாலைக்கும் குறுகிய சாலைக்கும், காருக்கும் ஆட்டோவுக்கும் ஒரே 40-ஆ என்று மக்கள் கொதித்தார்கள். பிறகு நவம்பரில் வண்டி வகைப்படி பிரித்து அறிவித்தார்கள். கார் போன்ற இலகு ரக வண்டிகளுக்கு 60, கனரக வண்டிகளுக்கு 50, டூ-வீலருக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லோருக்கும் 30.

மக்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. சாலையைப் பார்த்தால் பொருத்தமாகத் தெரியாத எண்ணை ஓட்டுபவர்கள் மதிப்பதில்லை. ஒரு பலகையை மதிக்காமல் பழகியவர் அடுத்த தெருவில் உண்மையிலேயே தேவையான 30 பலகையையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். வண்டி வகைக்கு ஏற்பப் பிரித்ததும் சரிதான். லாரி, பஸ்ஸின் எடைக்கும் ஏர் பிரேக் பிடிக்க எடுக்கும் நேரத்துக்கும் நிறுத்தும் தூரம் கூடும். டூ-வீலர் ஓட்டுபவரைச் சுற்றித் தகடே இல்லை. ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம், திரும்பும்போது எளிதில் சாயும். பக்கங்களும் திறந்திருக்கும். காருக்கு 60 என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தாராளமாகத் தெரிகிறது. சிக்னல் இல்லாத, மக்கள் குறுக்கே ஓடும் சாலைகளில் 50-க்கு மேல் போவதை நான் ஏற்கமாட்டேன்.

தாம்பரம், வண்டலூர் கடந்து செங்கல்பட்டுக்கு அப்பால் நான்கு வழிச்சாலைக்கு வந்தால் வேகம் சட்டென்று ஏறுகிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, சென்டர் மீடியன் உள்ள நான்கு வழிச்சாலையில் காருக்கு 100, எக்ஸ்பிரஸ்வேயில் 120 என்று சொன்னது. மீடியன் இல்லாத மற்ற சாலைகளில் காருக்கு 70. மீடியன் என்ற ஒரு அடி உயரச் சுவர் 30 கிலோமீட்டரைக் கூட்டித் தருகிறது. அந்தச் சுவர் நேருக்கு நேர் மோதலைத் தடுக்கிறது. மீடியன் இல்லாத இருவழிச் சாலையில் 70-ல் போகும் நீங்களும் 70-ல் எதிரே வரும் பஸ்ஸும் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 39 மீட்டர் நெருங்குகிறீர்கள். ஓவர்டேக் செய்யும்போது அந்த 39 மீட்டரை யாரும் சரியாகக் கணிப்பதில்லை.

100-க்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நிறுத்த முடிகிற தூரம் வரை பார்க்க முடிய வேண்டும். இந்தியச் சாலை காங்கிரஸின் அளவுப்படி 100-ல் போகும் சாலையில் 180 மீட்டர் தூரம் மறைவின்றித் தெரிய வேண்டும். நாம் முன்பு போட்ட கணக்கின்படி 83 மீட்டரிலேயே கார் நின்றுவிடுமே என்று தோன்றும். ஆனால் நெடுஞ்சாலையைப் போடும் பொறியாளர் நல்ல டயரையும் விழிப்பான ஓட்டுநரையும் நம்பிப் போடுவதில்லை. ஓட்டுபவர் களைத்திருக்கலாம் என்று ஒரு நொடிக்குப் பதில் இரண்டரை நொடி கொடுக்கிறார். சாலை ஈரமாக இருக்கலாம் என்று பிரேக்கைப் பாதியாகத்தான் நம்புகிறார். அதனால்தான் வளைவிலும் மேட்டிலும் 100 சட்டென்று 60, 50 ஆகிறது. அங்கே 180 மீட்டர் தெரியாது.

நம் நெடுஞ்சாலைகளின் பெரிய சிக்கல் இனிமேல்தான். காகிதத்தில் அது 100-க்கான சாலை. நிஜத்தில் அது ஊர்களுக்கு நடுவே போகிறது. மீடியனை உடைத்து ஒரு சந்து, அந்தப் பக்கம் டீக்கடை, இந்தப் பக்கம் பஸ் நிறுத்தம், நடுவே புல்லுக்கட்டோடு கடக்கும் ஒரு பெண். அவரைப் பொறுத்தவரை அது நெடுஞ்சாலை இல்லை, ஊருக்குள் ஓடும் தெரு. அங்கே 'யார் மீது எது மோதக்கூடும்' என்ற கேள்விக்கு விடை மாறிவிடுகிறது, வேகமும் மாறியாக வேண்டும். சுரங்கப்பாதை போட்டால் 100 நிற்கலாம். போடாத இடத்தில் 40, 50 என்றுதான் பலகை வைக்க முடியும்.

அந்தப் பலகை தோற்றுப்போவதற்கு மனிதக் கண்தான் காரணம். ஒரு மணி நேரம் 100-ல் ஓட்டியவருக்கு 60-க்கு இறங்கினால் ஊர்ந்து போவது போல இருக்கும். ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் 'மெதுவாகத்தானே போகிறேன்' என்று நினைப்பவர் பெரும்பாலும் 70, 80-ல் போய்க்கொண்டிருப்பார். அதனால்தான் ஊர் வரும் முன் 80, 60, 40 என்று படிப்படியாகப் பலகை வைத்து, சாலையில் குறுக்குக் கோடுகள் போட்டுச் சக்கரத்தை அதிர வைக்கிறார்கள். அந்த அதிர்வு வந்தால் நம் உணர்வை நம்பாமல் ஸ்பீடோமீட்டரைப் பார்க்க வேண்டும்.

2018 அறிவிக்கைக்கு இன்னொரு கதையும் உண்டு. ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, 2014-ன் குறைந்த வேகங்களுக்கே திரும்பச் சொன்னது. சாலைகளும் என்ஜின்களும் மேம்பட்டுவிட்டன என்பது வேகத்தைக் கூட்டியவர்கள் சொன்ன காரணம். சாலையும் என்ஜினும் மேம்பட்டன என்பது உண்மை. மனிதனின் விலா எலும்பும் கண் இமைக்கும் நேரமும் அன்று இருந்தபடியேதான் இருக்கின்றன. இந்த வாதத்தில் நான் நீதிமன்றத்தின் பக்கம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அதிவேகம் காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. வேறு காரணம் தெரியாதபோதும் முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதும் பழக்கம் இருப்பதால் அந்த 71-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எதனால் விபத்து தொடங்கினாலும் அது சாவில் முடிகிறதா காயத்தோடு போகிறதா என்பதை முடிவு செய்வது மோதும்போது இருந்த வேகம்தான்.

சாலையில் பலகையைப் படிப்பதும் எளிது. சிவப்பு வட்டத்துக்குள் கறுப்பு எண் இருந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை அபராதம், மறுபடியும் மாட்டினால் லைசென்ஸுக்கே ஆபத்து. சிவப்பு முக்கோணத்துக்குள் இரண்டு பிள்ளைகள் நடப்பது போல் இருந்தால் அது எச்சரிக்கை மட்டும். பள்ளி வருகிறது என்று சொல்லும், எவ்வளவு வேகம் என்று சொல்லாது. பல பள்ளிகளின் முன் முக்கோணம் மட்டும் இருக்கிறது, வட்டம் இல்லை. உங்கள் பகுதிப் பள்ளி முன் வட்டப் பலகை இல்லையென்றால் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் ஒரு மனு எழுதுங்கள். வேகத்தைக் குறைத்து வைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பலகை வைத்தால்தான் அது செல்லும்.

எங்கள் தெரு முனையிலிருந்து பள்ளிக்கூடத்தைக் கடந்து பெரிய சாலையைத் தொட 600 மீட்டர். 50-ல் போனால் 43 நொடி, 30-ல் போனால் 72 நொடி. மிச்சமாவது 29 நொடி. பெரிய சாலையின் சிக்னலில் நாம் தினமும் அதைவிட அதிக நேரம் நிற்கிறோம்.